பாலிமர் கெபாசிட்டர் போட்டதும் கத்தத் தொடங்கிய பக் கன்வெர்ட்டர்

நண்பர் ஒருவர் 12 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட் எடுக்கும் ஒரு சப்ளை போர்டைக் கொண்டுவந்து கொடுத்தார். உப்பிப்போன அவுட்புட் கெபாசிட்டரை யாரோ மாற்றியிருக்கிறார்கள். மலிவானதை வாங்கிப் போடவில்லை. அதே 470 மைக்ரோஃபாரடில், விலை கூடின பாலிமர் கெபாசிட்டராகவே போட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் இண்டக்டர் கீச்சென்று கத்துகிறது, அவுட்புட் அலைகிறது. மல்டிமீட்டரில் பார்த்தால் 5.0 வோல்ட் என்றே காட்டும். ஸ்கோப்பை வைத்தால்தான் தெரியும், அது ஒரு நிமிடம்கூட 5 வோல்ட்டில் நிற்கவில்லை என்று.

அந்த போர்டில் பாகங்கள் எல்லாம் கடுகு அளவு. ஒன்றை மாற்றி ஒன்றைப் போட்டுப் பார்க்க வசதியில்லை. அதனால் அதே மாதிரி சர்க்யூட்டை பெரிய பாகங்களில், கை வைத்து மாற்றும்படி நானே கட்டினேன். கெபாசிட்டர் நல்லதாக மாறியதும் அவுட்புட்டைப் பார்த்துத் திருத்தும் ஃபீட்பேக் லூப் ஏன் கெட்டுப்போகிறது, அந்த லூப்பை ஆடாமல் வைக்கும் காம்பன்சேட்டரைப் புதிய கெபாசிட்டருக்கு ஏற்றபடி எப்படிக் கணக்கிடுவது என்பதுதான் இந்தப் பதிவு.

கட்டியது

சின்க்ரோனஸ் பக். இரண்டு IRFZ44N மாஸ்ஃபெட், அவற்றை ஓட்ட IR2104. ஸ்விட்சிங் 100 கிலோஹெர்ட்ஸ். இண்டக்டர் 47 மைக்ரோஹென்றி. எர்ரர் ஆம்ப்ளிஃபயராக MCP6022 ஆப்-ஆம்ப்பின் ஒரு பாதி, பி.டபிள்யூ.எம். ஒப்பிட LM311, 2.5 வோல்ட் ரெஃபரன்ஸுக்கு TL431. முக்கோண அலை 1 வோல்ட்டிலிருந்து 3 வோல்ட் வரை, அதாவது 2 வோல்ட் உயரம். கன்ட்ரோல் பகுதிக்குத் தனியாக ஒரு 5 வோல்ட் ரெகுலேட்டர்.

ரெடிமேட் கன்ட்ரோலர் சிப்பை வேண்டுமென்றே தவிர்த்தேன். லூப்பின் ஒவ்வொரு முனையிலும் ப்ரோப் வைக்க முடிய வேண்டும். சின்க்ரோனஸாகக் கட்டியதற்கும் காரணம் உண்டு: டயோடு வைத்த பக்கில் லோடு குறையும்போது இண்டக்டர் கரன்ட் பூஜ்யத்தில் நின்றுவிடும், அப்போது லூப்பின் குணமே மாறிவிடும். அந்தக் குழப்பம் இங்கே வேண்டாம்.

லூப் இப்படி ஓடுகிறது. அவுட்புட் வோல்டேஜ் R1 என்ற 10 கிலோஓம், Rb என்ற 10 கிலோஓம் வழியாகப் பாதியாகி எர்ரர் ஆம்பின் மைனஸ் காலுக்கு வருகிறது. பிளஸ் காலில் 2.5 வோல்ட். ஆம்பின் அவுட்புட் முக்கோண அலையோடு ஒப்பிடப்பட்டு டியூட்டி ஆகிறது. டியூட்டி 12 வோல்ட்டை நறுக்குகிறது, நறுக்கியதை இண்டக்டரும் கெபாசிட்டரும் சேர்ந்து சமன்படுத்தி அவுட்புட்டாகக் கொடுக்கின்றன. எர்ரர் ஆம்ப் 2 வோல்ட் நகர்ந்தால் டியூட்டி 0 முதல் 1 வரை போகும், அதாவது ஸ்விட்ச் முனையின் சராசரி 0 முதல் 12 வோல்ட் வரை போகும். ஆக இந்தப் பகுதியின் கெயின் 12/2, அதாவது 6.

ஃபில்டரில்தான் விஷயம் இருக்கிறது

எல்சி ஃபில்டர் தன் ரெசனன்ஸுக்குக் கீழே சும்மா கம்பி மாதிரி இருக்கும். அதைத் தாண்டியதும் ஃப்ரீக்வன்சி பத்து மடங்கு ஆனால் கெயின் நூறில் ஒரு பங்காகும், ஃபேஸ் 180 டிகிரியை நோக்கிப் பின்தங்கும். நெகட்டிவ் ஃபீட்பேக்கில் ஏற்கெனவே 180 டிகிரி திருப்பம் இருக்கிறது. லூப் கெயின் 1 ஆகும் இடத்தில், அதாவது கிராஸ்ஓவரில், இன்னொரு 180 சேர்ந்தால் திருத்தம் தவறான நேரத்தில் வந்து சேரும். ஊஞ்சல் திரும்பி வரும்போது தடுக்க வேண்டிய கை, போகும்போது தள்ளிவிடுகிற கதைதான். அந்த 180க்கு எத்தனை டிகிரி முன்னால் நிற்கிறோமோ அதுதான் ஃபேஸ் மார்ஜின். 45க்கு மேல் இருந்தால் நிம்மதி, 60 இருந்தால் நல்லது.

இங்கே இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று ரெசனன்ஸ், மற்றொன்று கெபாசிட்டரின் உள் தடையால், அதாவது ஈஎஸ்ஆரால் வரும் ஜீரோ.

```
f0   = 1 / (2*pi*sqrt(L*C))
fesr = 1 / (2*pi*ESR*C)
```

47 மைக்ரோஹென்றிக்கும் 470 மைக்ரோஃபாரடுக்கும் ரெசனன்ஸ் 1.07 கிலோஹெர்ட்ஸ். கெபாசிட்டர் எந்த வகையானாலும் இது மாறாது. ஈஎஸ்ஆர்தான் மாறுகிறது. என்னிடமிருந்த சாதாரண எலக்ட்ரோலிட்டிக் 0.1 ஓம் காட்டியது, பாலிமர் 0.012 ஓம். அப்படியானால் முதல் கெபாசிட்டரின் ஜீரோ 3.4 கிலோஹெர்ட்ஸில், இரண்டாவதன் ஜீரோ 28 கிலோஹெர்ட்ஸில்.

அந்த ஜீரோ என்ன செய்கிறது என்றால், அதற்கு மேலான ஃப்ரீக்வன்சியில் கெபாசிட்டர் வெறும் ரெசிஸ்டராகத் தெரியும். ஃபில்டர் இழந்த 180 டிகிரியில் 90 டிகிரி வரை திரும்பக் கிடைக்கும். 10 கிலோஹெர்ட்ஸில் எலக்ட்ரோலிட்டிக் 71 டிகிரியைத் திருப்பிக் கொடுக்கிறது, பாலிமர் 19 டிகிரியைத்தான் கொடுக்கிறது. மோசமான கெபாசிட்டரின் அந்தக் குறைபாட்டை நம்பித்தான் பழைய டிசைன்கள் நிற்கின்றன. டேட்டாஷீட்டில் ஒரு ஓரத்தில் ஈஎஸ்ஆருக்கு மேல் வரம்பு மட்டுமில்லாமல் கீழ் வரம்பும் போட்டிருந்தால், காரணம் இதுதான்.

எலக்ட்ரோலிட்டிக்குக்கு டைப் 2

கிராஸ்ஓவரை ஸ்விட்சிங்கின் பத்தில் ஒரு பங்கில், 10 கிலோஹெர்ட்ஸில் வைப்பதென்று முடிவு செய்தேன். அந்த இடத்தில் மாடுலேட்டரும் ஃபில்டரும் சேர்ந்து கெயின் 0.217, ஃபேஸ் மைனஸ் 106 டிகிரி. ஃபில்டரே அவ்வளவு மார்ஜினை விட்டுவைப்பதால், காம்பன்சேட்டர் பெரிதாக எதையும் செய்ய வேண்டியதில்லை. கெயினை 4.6 மடங்கு ஏற்ற வேண்டும், கீழ் ஃப்ரீக்வன்சியில் இன்டக்ரேட்டராக இருந்து டிசி பிழையைத் துடைக்க வேண்டும், மேலே ஸ்விட்சிங் சத்தத்தைக் குறைக்க வேண்டும்.

இதுதான் டைப் 2. ஆப்-ஆம்பின் அவுட்புட்டிலிருந்து மைனஸ் காலுக்கு R2, C1 தொடராக. அவை இரண்டுக்கும் குறுக்கே C2. R1 பத்து கிலோஓம் என்பதால் R2 47 கிலோஓம். C1 4.7 நானோஃபாரட், இதன் ஜீரோ 720 ஹெர்ட்ஸில், ரெசனன்ஸுக்குச் சற்றுக் கீழே. C2 68 பிகோஃபாரட், இதன் போல், அதாவது கெயின் இறங்கத் தொடங்கும் இடம், 50 கிலோஹெர்ட்ஸில். LM311, IR2104 இரண்டின் தாமதமும் சேர்ந்து 0.7 மைக்ரோசெகண்ட் என்று வைத்துக்கொண்டேன். 10 கிலோஹெர்ட்ஸில் அது தின்பது இரண்டரை டிகிரிதான். கணக்குப்படி மார்ஜின் 56 டிகிரி.

பலர் கேட்பது Rb பற்றி. அது லூப் கெயினில் வராது. மைனஸ் கால் ஏசி-க்கு அசையாமல் 2.5 வோல்ட்டில் நிற்பதால் Rb வழியே ஓடும் கரன்ட் மாறுவதே இல்லை. அதனால் அவுட்புட் வோல்டேஜை மாற்ற வேண்டுமானால் Rb-யைத் தொடுங்கள், R1-ஐத் தொட்டால் காம்பன்சேஷன் முழுவதும் நகர்ந்துவிடும். ட்ரான்ஸ்கண்டக்டன்ஸ் வகை எர்ரர் ஆம்புக்கு இது பொருந்தாது, அங்கே மைனஸ் கால் பிடித்துவைக்கப்பட்டதல்ல.

கணக்கைக் கையால் போட்டாலும், பாகங்களை மாற்றி மாற்றிப் பார்க்க இந்தச் சின்ன ஸ்க்ரிப்ட் உதவியது:

```python
import numpy as np
f = np.logspace(2, 5, 20001)
s = 2j*np.pi*f

def loop(C, esr, R1, R2, C1, C2, R3=None, C3=None):
    L, rs, load = 47e-6, 0.05, 10.0
    zc = esr + 1/(s*C)
    zo = zc*load/(zc + load)
    plant = (12/2)*zo/(zo + rs + s*L)*np.exp(-s*0.7e-6)
    zi = R1 if R3 is None else 1/(1/R1 + 1/(R3 + 1/(s*C3)))
    zf = 1/(s*C2 + 1/(R2 + 1/(s*C1)))
    T = plant*zf/zi
    k = np.where(abs(T) > 1)[0][-1]
    return f[k], 180 + np.degrees(np.unwrap(np.angle(T)))[k]

print(loop(470e-6, 0.1, 10e3, 47e3, 4.7e-9, 68e-12))
```

முதலில் வருவது கிராஸ்ஓவர், அடுத்தது மார்ஜின். `rs` என்பது இண்டக்டர் கம்பியும் மாஸ்ஃபெட்டும் சேர்ந்த தடை.

எலக்ட்ரோலிட்டிக்கோடு போர்டு அமைதியாக ஓடியது. லோடை 0.5 ஆம்பியரிலிருந்து 2 ஆம்பியருக்குத் தட்டினால் அவுட்புட் சட்டென்று 150 மில்லிவோல்ட் இறங்கி, ஆடாமல் திரும்பியது. அந்த 150ஐ எந்த லூப்பாலும் தடுக்க முடியாது, 1.5 ஆம்பியர் 0.1 ஓமில் பாய்வதால் அந்தக் கணமே விழுகிற வோல்டேஜ் அது. பாலிமர் மேல் ஆசை வருவதே இதனால்தான்.

பாலிமரை மாட்டியதும்

காம்பன்சேட்டரைத் தொடாமல் கெபாசிட்டரை மட்டும் மாற்றினேன். 0.5 ஆம்பியர் லோடில் உடனே கீச்சொலி. ஸ்கோப்பில் 6 கிலோஹெர்ட்ஸுக்குச் சற்றுக் குறைவான, ஏறக்குறைய சைன் வடிவ அலை, உச்சத்திலிருந்து உச்சம் சுமார் 350 மில்லிவோல்ட்.

ஸ்க்ரிப்ட்டில் `esr` இடத்தில் 0.012 போட்டால் காரணம் தெரிகிறது. ஈஎஸ்ஆர் ஏற்றிக் கொடுத்த கெயின் போய்விட்டதால் கிராஸ்ஓவர் 5.8 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிட்டது. அங்கே ஃபில்டர் மைனஸ் 166 டிகிரி, டைப் 2 மைனஸ் 14, தாமதம் ஒன்றரை. கூட்டினால் மார்ஜின் பூஜ்யத்துக்கும் ஒரு டிகிரி கீழே. அலையின் ஃப்ரீக்வன்சி இந்த எண்ணோடு ஒத்துப்போவதுதான் நோயின் அடையாளம். லேஅவுட் கோளாறோ ஸ்விட்சிங் சத்தமோ ஆக இருந்தால் அலை 100 கிலோஹெர்ட்ஸிலோ அதன் பாதியிலோ மடங்குகளிலோ வரும். ரெசனன்ஸுக்கும் ஸ்விட்சிங்குக்கும் நடுவே ஒற்றை சைன் அலை வந்தால் லூப்பைச் சந்தேகியுங்கள்.

அலை 350 மில்லிவோல்ட்டில் நின்றதற்கும் காரணம் இருக்கிறது. எர்ரர் ஆம்பில் அது 4.7 மடங்காகும், அதாவது ஏறக்குறைய 1.6 வோல்ட். டியூட்டி நிற்கும் இடம் முக்கோணத்தின் அடியிலிருந்து 0.83 வோல்ட் உயரத்தில். அலையின் அடிப்பாதி அந்த எல்லையைத் தொட்டதும் டியூட்டி பூஜ்யத்தில் முட்டி, வளர்ச்சி அங்கே நிற்கிறது.

லோடை 2 ஆம்பியராக ஏற்றினால் தொடர் அலை நின்றுவிட்டது. ஆனால் லோடைத் தட்டினால் நெடுநேரம் ஆடித்தான் அடங்குகிறது. லோடும் ஃபில்டருக்குக் கொஞ்சம் டேம்பிங் கொடுப்பதால் இப்படி. இது ஆபத்தான நிலை, ஏனென்றால் முழு லோடில் மட்டும் சோதிப்பவர் போர்டு நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிடுவார்.

பாலிமருக்கு டைப் 3

இழந்த ஃபேஸை இப்போது காம்பன்சேட்டர்தான் கொடுக்க வேண்டும். டைப் 3-இல் R1-க்குக் குறுக்கே R3, C3 தொடராக வருகின்றன. இதனால் கூடுதலாக ஒரு ஜீரோவும் ஒரு போலும் கிடைக்கும். ஃபில்டரின் இரண்டு போல்களுக்கு எதிராக இரண்டு ஜீரோ, ஈஎஸ்ஆர் ஜீரோவுக்கு எதிராக ஒரு போல். காம்பன்சேட்டர் என்பது ஃபில்டரைத் தலைகீழாக எழுதியது என்று வைத்துக்கொண்டால் பாகங்களைத் தேடுவது சுலபம்.

முதலில் R3, C3. ஜீரோ 1.07 கிலோஹெர்ட்ஸிலும் போல் 28 கிலோஹெர்ட்ஸிலும் வேண்டும். ஜீரோவை R1 + R3 சேர்ந்து C3-உடன் தீர்மானிக்கிறது, போலை R3 மட்டும். இரண்டின் விகிதம் 26 என்பதால் R3 என்பது R1-இல் 25இல் ஒரு பங்கு: 397 ஓம், கடையில் கிடைப்பது 390. C3 14.3 நானோஃபாரட் வருகிறது, 15 நானோ போட்டேன். ஜீரோ 1.02, போல் 27 கிலோஹெர்ட்ஸ் ஆனது. போதும்.

அடுத்து R2. பாலிமரோடு 10 கிலோஹெர்ட்ஸில் ஃபில்டரும் மாடுலேட்டரும் சேர்ந்து கெயின் 0.074தான். ஆகவே காம்பன்சேட்டர் 13.5 மடங்கு கொடுக்க வேண்டும். R3, C3 கிளையே அந்த இடத்தில் 9 மடங்கு தந்துவிடுகிறது. மிச்சம் ஒன்றரை, ஆக R2 15 கிலோஓம். C1 15 நானோஃபாரட், ஜீரோ 707 ஹெர்ட்ஸ். C2 220 பிகோஃபாரட், போல் 48 கிலோஹெர்ட்ஸ். முதல் ஜீரோவை ரெசனன்ஸுக்குக் கீழே இறக்கி வைத்ததற்குக் காரணம், பாலிமரோடு ரெசனன்ஸ் கூர்மையாக இருக்கும். ஃபேஸ் அங்கே மடமடவென்று விழும்முன் முட்டுக்கொடுக்க வேண்டும்.

```python
print(loop(470e-6, 0.012, 10e3, 15e3, 15e-9, 220e-12, 390, 15e-9))
```

10 கிலோஹெர்ட்ஸ், 66 டிகிரி.

இங்கே ஆப்-ஆம்ப் எதுவானாலும் சரி என்று விடக்கூடாது. R3, C3 கிளையால் 30 கிலோஹெர்ட்ஸ் பக்கம் காம்பன்சேட்டரின் கெயின் 20ஐத் தாண்டுகிறது. MCP6022 பத்து மெகாஹெர்ட்ஸ் ரகம், 50 கிலோஹெர்ட்ஸில் அதனிடம் 200 மடங்கு இருக்கிறது. எல்லோர் பெட்டியிலும் கிடக்கும் LM358-இடம் அந்த இடத்தில் ஏறக்குறைய 20தான் இருக்கும். காகிதத்தில் போட்ட போல்களும் ஜீரோக்களும் அப்போது அர்த்தமற்றுப் போகும்.

அளந்து பார்த்தது

லூப்பை அறுக்காமல் அளக்க வேண்டும். அறுத்தால் ஆப்-ஆம்ப் ஏதோ ஒரு எல்லையில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆர். டி. மிடில்புரூக் 1975இல் எழுதிய இன்ஜெக்‌ஷன் முறை இதற்காகத்தான். அவுட்புட்டுக்கும் ஃபீட்பேக் கிளைக்கும் நடுவே 22 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போட்டு, அதன் குறுக்கே ஆடியோ ஐசோலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் வழியாக சைன் அலையைப் புகுத்தினேன். அந்த 22 ஓம், R1, R3 இரண்டுக்கும் முன்னால் இருக்க வேண்டும். R1-க்கு மட்டும் தொடராகப் போட்டால் R3, C3 கிளை பின்வாசல் வழியே போய்விடும், அளவு பொய்யாகும்.

ரெசிஸ்டரின் ஃபீட்பேக் பக்க முனையில் முதல் சேனல், அவுட்புட் பக்க முனையில் இரண்டாவது. இரண்டின் விகிதமே லூப் கெயின். ஜெனரேட்டரின் ஃப்ரீக்வன்சியை நகர்த்திக்கொண்டே போனால் ஓர் இடத்தில் இரண்டு அலைகளும் ஒரே உயரத்துக்கு வரும், அதுதான் கிராஸ்ஓவர். அந்த இடத்தில் இரண்டுக்கும் இடையே திரையில் தெரியும் கோணம், லூப்பின் திருப்பம் ஏற்கெனவே உள்ளே இருப்பதால், நேரடியாகவே ஃபேஸ் மார்ஜின். எனக்கு 9.5 கிலோஹெர்ட்ஸில் சமமானது, இடைவெளி 18 மைக்ரோசெகண்ட், அதாவது 62 டிகிரிக்கு அருகில்.

புகுத்தும் அலை சில பத்து மில்லிவோல்ட்தான் இருக்கலாம். ஆப்-ஆம்பின் அவுட்புட்டையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருங்கள். அது சைன் வடிவத்தை இழந்தால் அளவைக் குறைக்க வேண்டும். ஸ்கோப்பில் ஆவரேஜ் போட்டால்தான் ரிப்பிளுக்குள்ளிருந்து அலை தெரியும். ப்ரோப்பின் நீளமான கிரவுண்ட் கம்பியைக் கழற்றிவிட்டு ஸ்ப்ரிங் கிரவுண்டைப் பயன்படுத்தினேன், கெபாசிட்டரின் கால்களிலேயே வைத்தேன். ஃபீட்பேக் கம்பியும் அங்கிருந்துதான் புறப்படுகிறது.

அதே 1.5 ஆம்பியர் லோடு தட்டலுக்கு இப்போது வீழ்ச்சி 55 மில்லிவோல்ட், ஆட்டமே இல்லாமல் மீண்டுவிட்டது. 1.5 ஆம்பியரை கிராஸ்ஓவரில் கெபாசிட்டரின் இம்பீடன்ஸால் பெருக்கினால் ஏறக்குறைய 55 மில்லிவோல்ட் வரும், ஆக எதிர்பார்த்த இடத்திலேயே நிற்கிறது.

திருப்பிப் போட்டால்

இதே டைப் 3 போர்டில் பழைய எலக்ட்ரோலிட்டிக்கை மறுபடி மாட்டிப் பார்த்தேன், அது பாதுகாப்பான பக்கம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக. ஈஎஸ்ஆர் ஜீரோ 3.4 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கியதும் கெயின் விழவே மறுக்கிறது; கணக்குப்படி கிராஸ்ஓவர் 50 கிலோஹெர்ட்ஸ் பக்கம், ஸ்விட்சிங்கின் பாதிக்கே போய்விடுகிறது. அந்த இடத்தில் இந்தச் சராசரிக் கணக்கே செல்லாது. கூடவே எலக்ட்ரோலிட்டிக்கின் 60 மில்லிவோல்ட் ரிப்பிள் காம்பன்சேட்டரில் ஏறக்குறைய 17 மடங்காகி, 2 வோல்ட் முக்கோணத்தின் மேல் 1 வோல்ட் அலையாக உட்காருகிறது. ஸ்கோப்பில் ஸ்விட்ச் முனையைப் பார்த்தால் பல்ஸ்கள் ஒன்று அகலம், ஒன்று ஒல்லி என்று தாறுமாறாக வந்தன. இப்போது கீச்சொலி இல்லை, ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல்தான்.

நண்பரின் போர்டுக்கு வந்தால், அதில் R3, C3 போட இடமே இல்லை. அந்தக் கன்ட்ரோலர் டைப் 2-க்காகவே வரையப்பட்டது. அதனால் பாலிமரைக் கழற்றிவிட்டு, மூல கெபாசிட்டரின் ஈஎஸ்ஆரை ஒட்டிய, 105 டிகிரி ரகப் புதிய எலக்ட்ரோலிட்டிக் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். முழு லோடிலும் லோடே இல்லாமலும் தட்டிப் பார்த்தேன், இரண்டிலும் ஆடவில்லை.